சுருக்கமுறை விசாரணையும் பிடியாணை வழக்கு விசாரணையும்: ரூ. 20,000 எல்லைக்கோடு எதையெல்லாம் மாற்றுகிறது?

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சிறு குற்றங்களுக்குச் சுருக்கமுறை விசாரணையை இச்சட்டம் கட்டாயமாக்கிவிட்டது என்ற செய்தி வெளிவந்ததிலிருந்து இரண்டு தவறான புரிதல்கள் பரவியுள்ளன. சாட்சிகளை விசாரிக்காமலேயே தண்டிக்கும் ஏற்பாடு என்று சிலர் இதை நினைக்கிறார்கள். இத்தனை நாட்களுக்குள் வழக்கை முடித்தாக வேண்டும் என்ற காலக்கெடுவோடு வந்த முறை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சுருக்கமுறையிலும் சாட்சி விசாரணை உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, காரணம் சொல்லும் தீர்ப்பும் உண்டு. ஆனால் விசாரணையை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அந்த அத்தியாயத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

அதன் வேகம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பிடியாணை வழக்கின் முழு விசாரணையில் உள்ள சில கட்டங்கள் இதில் இல்லை. எழுதப்படும் ஆவணமும் குறுகியது. அதற்கு ஈடாகத் தண்டனைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பரிமாற்றத்தைத் திருட்டு வழக்கு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். ஒரே சட்டப் பிரிவின் கீழ் வரும் ஒரே குற்றம், பொருளின் மதிப்பை மட்டும் பொறுத்து, இரண்டு விதமான விசாரணைக்கும் போகக்கூடியது என்பதால் அது பொருத்தமான எடுத்துக்காட்டு.

அடிப்படைப் பிரிவினை

நடுவர் மன்றத்தில் நடக்கும் வழக்குகளைச் சட்டம் முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனையோ, ஆயுள் தண்டனையோ, மரண தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் பற்றிய வழக்கு பிடியாணை வழக்கு. மற்றவை அழைப்பாணை வழக்குகள். அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் சொல்லப்பட்டுள்ள அதிகபட்சத் தண்டனையே இங்கு அளவுகோல். குறிப்பிட்ட நபருக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பது அல்ல. பிடியாணை வழக்கு என்பதால் காவலர்கள் பிடியாணையுடன் வீட்டுக்கு வருவார்கள் என்றும் பொருளில்லை. பிடியாணை வழக்கிலும் நடுவர் அழைப்பாணை அனுப்பியே ஒருவரை வரவழைக்கலாம்.

சுருக்கமுறை விசாரணை இவற்றோடு சேர்ந்த மூன்றாவது வழக்கு வகை அல்ல; ஒரு நடைமுறை மட்டுமே. இயல்பில் பிடியாணை வழக்காக இருக்கும் ஒன்றைக்கூட, சட்டம் குறிப்பிட்ட சூழ்நிலைகளில், அழைப்பாணை வழக்குக்குரிய எளிய படிகளைப் பின்பற்றி, அவற்றையும் சுருக்கி நடத்துவதே சுருக்கமுறை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு எண்ணைப் பார்த்தாலே இது ஓரளவு தெரிந்துவிடும். சுருக்கமுறை வழக்குகள் எஸ்.டி.சி. என்ற எண்ணிலும், முழு விசாரணைக்குரிய வழக்குகள் சி.சி. என்ற எண்ணிலும் கோப்பில் ஏறுகின்றன.

எவையெல்லாம் சுருக்கமுறைக்குள் வரும்?

புதிய சட்டத்தின் 283ஆம் பிரிவில் இரண்டு வாசல்கள் உள்ளன.

1. முதல் வாசல் கட்டாயமானது. பட்டியலில் உள்ள குற்றங்களைத் தலைமை நீதித்துறை நடுவரும் முதல் வகுப்பு நடுவரும் சுருக்கமுறையில்தான் விசாரிக்க வேண்டும். திருடப்பட்ட பொருளின் மதிப்பு ரூ. 20,000-ஐத் தாண்டாத திருட்டு, அதே வரம்புக்குள் திருட்டுப் பொருளைப் பெறுதல், வைத்திருத்தல், மறைக்க உதவுதல், அத்துமீறி நுழைதலின் சில வகைகள், அமைதியைக் குலைக்கும் நோக்கில் அவமதித்தல், குற்றமுறு மிரட்டல், இவற்றுக்கான உடந்தையும் முயற்சியும் ஆகியவை இப்பட்டியலில் முக்கியமானவை. பழைய சட்டத்தில் திருட்டுக்கான வரம்பு ரூ. 2,000 மட்டுமே. அப்போது நடுவர் தகுந்ததெனக் கருதினால் இம்முறையைப் பின்பற்றலாம் என்றே இருந்தது.

2. இரண்டாம் வாசல் நடுவரின் விருப்புரிமை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க முடியாத எந்தக் குற்றத்தையும் அவர் சுருக்கமுறையில் விசாரிக்கலாம். பழைய சட்டத்தில் இந்த எல்லை இரண்டு ஆண்டுகள். ஆனால் இங்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. குற்றம் சாட்டப்பட்டவர் தன் கருத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும். காரணங்களை நடுவர் எழுத்தில் பதிய வேண்டும். சுருக்கமுறையில் விசாரிக்க அவர் எடுக்கும் இந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது.

கட்டாயப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குடியிருப்புக்குள் நடக்கும் திருட்டும், வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடுவதும் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனாலும் பொருளின் மதிப்பு ரூ. 20,000-க்குள் இருந்தால் அவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். எனவே சட்டப் புத்தகத்தில் சொல்லப்பட்ட தண்டனையின் கடுமையை மட்டும் பார்த்து, இது சிறு வழக்கா பெரிய வழக்கா என்று முடிவு செய்துவிட முடியாது.

இரண்டு கைபேசிகள்

இனி வருவது விளக்கத்துக்காகக் கற்பனை செய்த வழக்கு. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், இரவுப் பேருந்துக்காகக் காத்திருந்து பெஞ்சில் தூங்கிவிட்ட பயணி ஒருவரின் சட்டைப் பையிலிருந்து கைபேசி திருடப்படுகிறது. அதன் மதிப்பு ரூ. 12,000. அதே இரவில், சற்றுத் தள்ளி இன்னொருவரிடமிருந்து ரூ. 45,000 மதிப்புள்ள கைபேசி அதே விதத்தில் திருடப்படுகிறது. இரண்டு வழக்கிலும் வேறு வேறு நபர்கள் பிடிபடுகிறார்கள். இருவர் மீதும் முன்வழக்கு எதுவும் இல்லை.

இரண்டும் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின் கீழ் வரும் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்பதால் இரண்டுமே இயல்பில் பிடியாணை வழக்குகள். ஆனால் முதல் வழக்கு ரூ. 20,000-க்குள் இருப்பதால் சுருக்கமுறைக்குப் போகிறது. நடுவர் தன் விருப்புரிமையான இரண்டாம் வாசலைப் பயன்படுத்தாதவரை இரண்டாவது முழு விசாரணைக்குப் போகிறது. கைபேசியைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடியிருந்தால் அது 304ஆம் பிரிவின் கீழ் வரும் பறிப்புக் குற்றமாகியிருக்கும். அந்தப் பிரிவு கட்டாயப் பட்டியலில் இல்லை. பேருந்துக்குள் பயணியின் பொருள் திருடப்பட்டால் 305ஆம் பிரிவு பொருந்தக்கூடும். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதிலேயே வழக்கின் பாதை பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மற்றொரு பாதி பொருளின் மதிப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிய விலையா, திருட்டு நடந்த நாளில் அந்தப் பழைய கைபேசிக்கு இருந்த மதிப்பா என்று 283ஆம் பிரிவு விளக்கவில்லை. ரூ. 22,000-க்கு வாங்கி இரண்டு ஆண்டு பயன்படுத்திய கைபேசிக்குப் புகாரில் வாங்கிய விலையையே எழுதிவிட்டால், சுருக்கமுறையில் முடிய வேண்டிய வழக்கு முழு விசாரணைக்குப் போய்விடும். ஆகவே புகார் மனு, கைப்பற்றுதல் மகஜர், இறுதி அறிக்கை ஆகிய மூன்றிலும் எழுதப்பட்ட மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

மதிப்பு ரூ. 5,000-க்கும் குறைவாக இருந்தால் சட்டம் இன்னொரு சலுகையையும் தருகிறது. முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சமுதாய சேவையே தண்டனை.

ரூ. 45,000 கைபேசி வழக்கின் படிகள்

காவல் துறை இறுதி அறிக்கை தாக்கல் செய்து, குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

1. அவர் முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் உள்ளிட்ட ஆவணங்களின் நகல்கள் அவருக்குத் தரப்பட வேண்டும்.

2. நகல்கள் கிடைத்த 60 நாட்களுக்குள், குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை, ஆகவே என்னை விடுவிக்க வேண்டும் என்று அவர் மனு செய்யலாம். சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து வெளிவர இது ஒரு முறையான வாய்ப்பு.

3. விடுவிக்கப்படாவிட்டால், குற்றச்சாட்டு குறித்த முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நடுவர் எழுத்து வடிவில் குற்றச்சாட்டு வனைய வேண்டும். அது அவருக்கு வாசித்துக் காட்டி விளக்கப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கப்படும்.

4. ஒப்புக்கொள்ளாவிட்டால் அரசுத் தரப்பு சாட்சிகள் அழைக்கப்படுவார்கள். கைபேசிக்குச் சொந்தக்காரர், மகஜர் சாட்சிகள், புலன் விசாரணை அதிகாரி ஆகியோரின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் விரிவாக எழுதப்படும். ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை மற்றச் சாட்சிகள் விசாரிக்கப்பட்ட பிறகு வைத்துக்கொள்ள நடுவர் அனுமதிக்கலாம்.

5. சாட்சியத்தில் தமக்கு எதிராக வந்தவை பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்விகள் கேட்கப்படும். பிறகு அவர் தரப்பு சாட்சிகளும், இரு தரப்பு வாதங்களும் நடக்கும்.

6. விசாரணை முடிந்த 45 நாட்களுக்குள் தீர்ப்பு சொல்லப்பட வேண்டும்.

எண்ணிக்கையில் சொல்லப்பட்ட நாட்களைக் கூட்டினால் 14, 60, 60, 45 என்று 179 நாட்கள் வருகின்றன. விடுவிப்பு மனுவுக்கான காலமும் குற்றச்சாட்டு வனைவதற்கான காலமும் ஒன்றன்மீது ஒன்று படியக்கூடும். ஆகவே இது உச்சக் கணக்கு. ஆனால் நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நாட்கணக்கே இல்லை என்பதுதான் முக்கியம். வழக்குகள் ஆண்டுக் கணக்கில் நீள்வதும் அங்கேதான். சாட்சிகள் வந்துவிட்டால் அன்றாடம் தொடர்ந்து விசாரிக்க வேண்டும், ஒரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையில்கூட இரண்டு வாய்தாக்களுக்கு மேல் தரக்கூடாது என்று 346ஆம் பிரிவு சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்து பேருந்துக்காகக் காத்திருந்த பயணி மறுபடியும் மதுரைக்கு வந்து சாட்சி சொல்வாரா என்பதற்கு அந்தப் பிரிவில் விடை இல்லை.

ரூ. 12,000 கைபேசி வழக்கின் படிகள்

இங்கு அழைப்பாணை வழக்கின் நடைமுறையே பின்பற்றப்படுகிறது.

1. நகல்களை 14 நாட்களுக்குள் தருவது காவல் அறிக்கையின் பேரில் நடக்கும் எல்லா வழக்குக்கும் பொதுவானது. ஆகவே இங்கும் பொருந்தும்.

2. முறையான குற்றச்சாட்டு வனையப்படுவதில்லை. குற்றத்தின் விவரத்தை நடுவர் வாய்மொழியாக எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று தெரிந்தால் காரணத்தைப் பதிந்து அந்தக் கட்டத்திலேயே அவரை விடுவிக்கும் அதிகாரத்தைப் புதிய சட்டம் நடுவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் முழு விசாரணையில் உள்ளதுபோல 60 நாள் அவகாசத்துடன் கூடிய தனி விடுவிப்புக் கட்டம் இல்லை.

3. ஒப்புக்கொண்டால் அதைப் பதிந்து அன்றே தண்டனை வழங்கலாம்.

4. மறுத்தால் அரசுத் தரப்பு சாட்சியமும் எதிர்த்தரப்பு சாட்சியமும் கேட்கப்படும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையோ, குறுக்கு விசாரணை செய்யும் உரிமையோ இங்கு குறைக்கப்படவில்லை.

5. தீர்ப்பு சுருக்கமாக எழுதப்படும். 45 நாள் வரம்பு எல்லாக் குற்ற விசாரணைக்கும் பொதுவானது.

இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால், நாட்கணக்கில் மிச்சமாவது விடுவிப்பு மனுக் கட்டமும் குற்றச்சாட்டு வனையும் கட்டமும்தான் என்று தெரியும். சாட்சி வராவிட்டால் சுருக்கமுறை வழக்கும் வாய்தாவில் நிற்கும். காசோலை மோசடி வழக்குகளைச் சுருக்கமுறையில் விசாரிக்கச் சொல்லும் மாற்று முறை ஆவணங்கள் சட்டத்தின் 143ஆம் பிரிவு, புகார் தாக்கலான ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. திருட்டு போன்ற பொதுவான சிறு குற்றங்களுக்கு அப்படிப்பட்ட வரி எதுவும் இல்லை. கட்டாயம் என்று சட்டத்தை எழுதியவர்கள் காலவரம்பையும் சேர்த்து எழுதாமல் விட்டது பெரிய குறை என்பது என் கருத்து.

என்ன எழுதப்படுகிறது?

இரு முறைகளுக்கும் உள்ள உண்மையான இடைவெளி ஆவணத்தில் தெரிகிறது. சுருக்கமுறை வழக்கில், மாநில அரசு வகுத்த படிவத்தில் நடுவர் பத்து விவரங்களைப் பதிய வேண்டும்: வரிசை எண், குற்றம் நடந்த நாள், அறிக்கை அல்லது புகாரின் நாள், புகார்தாரர் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரும் பெற்றோர் பெயரும் முகவரியும், சாட்டப்பட்ட குற்றமும் மெய்ப்பிக்கப்பட்ட குற்றமும் (திருட்டானால் பொருளின் மதிப்பும்), அவர் அளித்த பதில், முடிவு, தண்டனை அல்லது இறுதி ஆணை, நடவடிக்கை முடிந்த நாள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதபோது, இவற்றோடு சாட்சியத்தின் சாரத்தையும் முடிவுக்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லும் தீர்ப்பையும் எழுத வேண்டும்.

முழு விசாரணையில் கைபேசிக்காரரின் சாட்சியம், “நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன், சம்பவத்தன்று இரவு ஊருக்குச் செல்வதற்காக” என்று தொடங்கி, பெஞ்சு எந்த நடைமேடையில் இருந்தது, எத்தனை மணிக்கு விழித்தார், யாரிடம் முதலில் சொன்னார் என்பதுவரை பல பக்கங்களுக்குப் போகும். சுருக்கமுறையில் அதே சாட்சியம் இப்படி இரண்டு வரியில் அடங்கலாம்: “அரசுத் தரப்பு முதல் சாட்சி கைபேசி தன்னுடையது என்று அடையாளம் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் அதை எடுத்ததைத் தான் பார்க்கவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.”

இந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் எதிர்த்தரப்பின் முழு வழக்கும் இருக்கிறது. நடுவர் அதைச் சாரத்தில் சேர்க்காமல் விட்டால், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கண்ணில் அது படவே படாது. அதனால் சுருக்கமுறை வழக்கில் குறுக்கு விசாரணையைச் சில கூர்மையான கேள்விகளோடு நிறுத்தி, கிடைத்த முக்கியப் பதில் பதிவில் ஏறியதா என்று அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. சாட்சி இறங்கிய பிறகு அதைச் சரிசெய்வது கடினம்.

மூன்று மாத உச்சவரம்பு

சுருக்கமுறையில் விசாரித்து முடித்த வழக்கில் மூன்று மாதங்களுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க முடியாது என்று 285(2) பிரிவு சொல்கிறது. முதல் வகுப்பு நடுவருக்கு வழக்கமாக மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே ரூ. 45,000 கைபேசியைத் திருடியவருக்கு மூன்று ஆண்டு வரையிலும், ரூ. 12,000 கைபேசியைத் திருடியவருக்கு மூன்று மாதம் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆவணம் குறுகியது, பாதுகாப்புக் கட்டங்கள் குறைந்தவை என்பதற்கு ஈடாகவே இந்த வரம்பு உள்ளது.

இந்த வரம்பு இரண்டு இடங்களில் சட்டத்தின் பிற பகுதிகளோடு மோதுகிறது.

முதலாவது, மறுமுறை திருடியவர் வழக்கு. 303(2) பிரிவின் கீழ் இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது ஓர் ஆண்டு கடுங்காவல் தண்டனை விதிக்க வேண்டும். ரூ. 12,000 கைபேசியைத் திருடியவருக்கு முன்தண்டனை இருந்தால், மதிப்பின்படி வழக்கு சுருக்கமுறைக்குப் போகும். அங்கு மூன்று மாதத்துக்கு மேல் தண்டிக்க முடியாது. தண்டனைப் பிரிவோ ஓர் ஆண்டுக்குக் குறைக்கக் கூடாது என்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க, வழக்கைச் சுருக்கமுறையிலிருந்து மாற்றும் 283(3) பிரிவு ஒன்றே வழி.

இரண்டாவது, காவலில் இருப்பவர் நிலை. மனிதர்கள் நேரடியாகப் பாதிக்கப்படும் இடம் என்பதால் இது இன்னும் கவலைக்குரியது. ரூ. 5,000-க்கு மேற்பட்ட திருட்டு பிணையில் விட முடியாத குற்றம். பிணைதாரர் இல்லாத ஏழை ஒருவர் விசாரணைக் கைதியாகவே சிறையில் இருக்க நேரலாம். விசாரணைக் கைதிகளை விடுவிக்கும் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவரை அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் முடிந்ததும் விடுவிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு குற்றத்துக்குச் சொல்லப்பட்ட மூன்று ஆண்டிலிருந்து எடுக்கப்படுவதால் ஓர் ஆண்டு வருகிறது. ஆனால் வழக்கு சுருக்கமுறையில் முடிந்து அவர் தண்டிக்கப்பட்டாலும் மூன்று மாதம்தான் சிறை. தண்டனையைவிட விசாரணைக் காவல் நீண்டதாகிவிடும் ஆபத்து சட்டத்தின் வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. சாட்சி விசாரணைக்கென்று குறிக்கப்பட்ட முதல் நாளிலிருந்து 60 நாட்களில் வழக்கு முடியாவிட்டால் பிணை வழங்கச் சொல்லும் 480ஆம் பிரிவும் இத்தகையவருக்கு உதவும். ஆயினும் பிணை மனுவில் மூன்று மாத வரம்பை வெளிப்படையாக எடுத்துச் சொல்வதே உடனடியாகப் பயன் தரக்கூடியது.

“ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்”

சிறு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. சுருக்கமுறையின் வேகத்தில் பெரும்பங்கு இந்த ஒப்புதலில்தான் இருக்கிறது. அபராதம் மட்டுமே, அதுவும் ரூ. 5,000-க்கு மேற்படாமல் விதிக்கத்தக்க மிகச் சிறிய குற்றங்களுக்குச் சட்டம் நீதிமன்றத்துக்கு வராமலே ஒப்புக்கொள்ளும் வழியையும் வைத்திருக்கிறது. 229ஆம் பிரிவின்படி அனுப்பப்படும் சிறப்பு அழைப்பாணையில் அபராதத் தொகை குறிக்கப்பட்டிருக்கும். ஒப்புதல் கடிதத்தையும் தொகையையும் அனுப்பிவிட்டால் வழக்கு முடிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு இருப்பதால் அவை இதில் சேரா.

ஆனால் திருட்டு வழக்கில் ஒப்புக்கொள்வது அபராதச் சீட்டு கட்டுவதைப் போன்றதல்ல. அது திருட்டுக் குற்றத்துக்கான தண்டனைத் தீர்ப்பு. ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டவர், தண்டனையின் அளவையும் அதன் சட்டத்தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். நான் திருடவில்லை என்று அங்கு சொல்ல முடியாது. மறுத்து வழக்கை நடத்தியவருக்கு இந்தத் தடை இல்லை. சுருக்கமுறையில் ரூ. 200-க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதிக்கப்பட்டிருந்தால் மேல்முறையீடே கிடையாது. சீராய்வு மனு மட்டுமே வழி.

குற்றம் உண்மையாகவே நடந்திருந்தாலும் வேறு வழிகள் உண்டு. 303(2) திருட்டு, பொருளுக்குச் சொந்தக்காரர் இசைந்தால் சமரசம் செய்துகொள்ளத்தக்கது. சமரசம் விடுதலைக்குச் சமம். தண்டனைத் தீர்ப்பு வந்தாலும், முன்தண்டனை இல்லாதவரைக் கண்டித்து அனுப்பிவிட 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தின்படி விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் இளைஞரின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த வேறுபாட்டை, ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்கு முன்பு யாராவது அவருக்கு விளக்கியாக வேண்டும். அவரால் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி அந்த நேரத்துக்குத்தான்.

நடுவர் மாறினால்

பிடியாணை வழக்கில் சாட்சி விசாரணை பாதியில் இருக்கும்போது நடுவர் இடமாற்றம் பெற்றால், புதிதாக வருபவர் முன்னவர் பதிந்த சாட்சியத்தின் மீதே தொடரலாம். சுருக்கமுறை வழக்கில் அது முடியாது. முன்னவர் பதிந்தது சாட்சியத்தின் சாரம் மட்டுமே. சாட்சியை நேரில் பார்க்காத ஒருவர் அந்தச் சில வரிகளை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது இதன் பின்னால் உள்ள காரணம்.

இது எவ்வளவு கண்டிப்பான விதி என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு காசோலை வழக்கில் காட்டியது. அந்த வழக்கு சுருக்கமுறையில் நடந்தது. நடுவர் மாறியபோது, முன்பு பதிந்த சாட்சியத்தின் மீதே தொடரலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்தன. புதிய நடுவர் அப்படியே தொடர்ந்து தண்டனை வழங்கினார். நடுவருக்குச் சட்டம் தராத அதிகாரத்தை வழக்காடிகளின் சம்மதம் தந்துவிட முடியாது என்று சொல்லி, வழக்கைத் தொடக்கத்திலிருந்து விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனவே வேகத்துக்காக வந்த முறை, நடுவர்கள் மாறும் மன்றத்தில் முழு விசாரணையைவிட நீண்டுவிடக்கூடும். ரூ. 12,000 கைபேசி வழக்கில் மூன்று சாட்சிகள் முடிந்து நான்காவது சாட்சிக்காகக் காத்திருக்கையில் நடுவர் மாறினால், முதல் சாட்சி மறுபடியும் வர வேண்டும். சாட்சிகளை ஒரே நாளில், அல்லது அடுத்தடுத்த நாட்களில் வரவழைத்து முடிப்பது சுருக்கமுறையில் வசதிக்காகச் செய்யும் காரியம் அல்ல. அப்படிச் செய்யாவிட்டால் அந்த முறைக்கே பொருளில்லாமல் போகிறது.

பாதை மாற்றம்

சுருக்கமுறையில் தொடங்கிய வழக்கு, அதன் தன்மையைப் பார்க்கும்போது அப்படி விசாரிப்பது விரும்பத்தக்கதல்ல என்று நடுவருக்குத் தோன்றினால், 283(3) பிரிவின்படி அதை முழு நடைமுறைக்கு மாற்ற வேண்டும். முன்பு விசாரித்த சாட்சிகளை மறுபடி அழைத்துக் கேட்க வேண்டும். பழைய சாரக் குறிப்புகளோடு தொடர முடியாது. முன்தண்டனை இருப்பது தெரியவருதல், பொருளின் மதிப்பு உண்மையில் ரூ. 20,000-ஐத் தாண்டுவது, சிக்கலான அடையாளக் கேள்வி எழுவது ஆகியவை இப்படி மாற்றத் தூண்டும் சூழ்நிலைகள்.

காசோலை வழக்குகளைச் சுருக்கமுறையிலிருந்து அழைப்பாணை முறைக்கு மாற்றும்போது நடுவர் காரணங்களைப் பதிய வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வலியுறுத்தியது. இயந்திரத்தனமாக மாற்றப்படும் வழக்குகள் தாமதமாவதைக் கண்டே அந்த அறிவுறுத்தல் வந்தது. அந்த எச்சரிக்கை திருட்டு வழக்குகளுக்கும் பொருத்தமானது. மாற்றம் நடந்த கணத்தில் மூன்று மாத உச்சவரம்பும் விலகிவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் மூன்று ஆண்டு வரையிலான தண்டனைக்கு முகம் கொடுக்கிறார். ஆகவே மாற்றக் கோரும் மனு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எதிர்க்க வேண்டுமா, ஏற்க வேண்டுமா என்பது வழக்குக்கு வழக்கு வேறுபடும். ஆதாரம் பலவீனமாக இருந்து, சாட்சியின் ஒவ்வொரு சொல்லும் பதிவாக வேண்டும் என்றால் முழு விசாரணை அவருக்குச் சாதகம். ஆதாரம் வலுவாக இருந்து, தண்டனையின் அளவே கேள்வி என்றால், மூன்று மாத வரம்புக்குள் வழக்கை வைத்திருப்பது சாதகம். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், மாற்றத்துக்கான காரணத்தை நடுவர் ஆணையில் எழுதும்படி அன்றே கேட்டுப் பெற வேண்டும். பின்னர் சீராய்வுக்குப் போக நேர்ந்தால் மேல் நீதிமன்றம் முதலில் படிப்பது அந்த ஆணையைத்தான்.